வழுக்காத செருப்பு என்று வாங்கியது இப்போது வழுக்குகிறது, ஏன்?

காட்பாடி மெஸ்: வணக்கம். எங்கள் மெஸ்ஸில் பூரி, வடை பொரிக்கும் அடுப்பைச் சுற்றி எப்போதும் எண்ணெய்ப் பிசுக்குதான். தரை பழைய மொசைக். 'வழுக்காது' என்று சொல்லி விற்ற, முன்பக்கம் மூடிய ரப்பர் செருப்புகளை எல்லோருக்கும் வாங்கினேன். முதலில் நன்றாகப் பிடித்தது. இப்போது ஹவாய் செருப்பே தேவலை என்கிறார் மாஸ்டர். அவருடைய ரெக்சின் ஏப்ரனும் அடுப்பருகே சுருங்குகிறது. கோளாறு எதில்?

ஆற்காட்டான்: அடியில் 'எண்ணெய் தாங்கும்' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வழுக்காது. இல்லாவிட்டால் கயிறு கட்டும் பூட்ஸ் வாங்கிவிடுங்கள்.

ஆம்பூர் சோல்: அண்ணே, எண்ணெய் தாங்கும் என்றால் அடி எண்ணெயில் ஊறி உப்பாது, அவ்வளவுதான். பிடிமானத்துக்குச் சோதனை தனி. பழைய ஐரோப்பிய முத்திரையான எஸ்.ஆர்.சி. இருந்தால், சோப்புத் தண்ணீர் விட்ட டைல்ஸிலும் கிளிசரால் தடவிய இரும்புத் தகட்டிலும் சோதித்தது என்று பொருள். பூட்ஸும் வேண்டாம். கொதிக்கும் எண்ணெய் உள்ளே போனால் கயிற்றை அவிழ்ப்பதற்குள் கால் வெந்துவிடும். உதறினால் கழலும் செருப்பு நல்லது, மேலே ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது.

மெஸ்காரரே, முதலில் பிடித்தது என்கிறீர்கள் அல்லவா? செருப்பைத் திருப்பிப் பாருங்கள். மைதாவும் எண்ணெயும் சேர்ந்து வரிப்பள்ளங்களை அடைத்திருக்கும். பள்ளம் அடைந்தால் எண்ணெய் ஒதுங்க வழியில்லை. வேலை முடிந்ததும் வெந்நீர், பாத்திரச் சோப்பு, முரட்டு பிரஷ் கொண்டு தேய்க்கச் சொல்லுங்கள்.

குடியாத்தம் டீக்கடை: எனக்கும் நாள் முழுக்க நின்று குதிகால் வலி. எந்தச் செருப்பு நல்லது?

ஆம்பூர் சோல்: அது வேறு கதை. மெத்தென்ற அடி வலிக்கு இதம், ஆனால் சீக்கிரம் தேயும்.

மெஸ்காரரே, இனி ஏப்ரன். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். நெருப்பருகே உருகித் தோலில் ஒட்டும். கெட்டிப் பருத்தி கேன்வாஸ் வாங்குங்கள். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்துணி சூட்டை நேரே உடம்புக்குக் கடத்திவிடும். முடிச்சு ஓர் இழுப்பில் அவிழ வேண்டும். வெல்டிங் பட்டறைத் தோல் ஏப்ரனை யாராவது சொல்வார்கள். தோல் ஊர்க்காரன் நானே சொல்கிறேன், வேண்டாம். எண்ணெயைக் குடிக்கும், துவைக்கவும் முடியாது.

காட்பாடி மெஸ்: நீங்கள் சொன்னதேதான், பள்ளம் முழுக்கக் கறுப்புக் களி. கழுவியதும் மற்றவர்களின் செருப்பு தரையைப் பிடிக்கிறது. மாஸ்டருக்கு மட்டும் இன்னும் வழுக்குகிறது.

ஆம்பூர் சோல்: வரி ஓரங்கள் மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். தரை துடைப்பது எப்படி?

காட்பாடி மெஸ்: காலையில் கலக்கிய ஒரு வாளித் தண்ணீர், ஒரே மாப்பு.

ஆம்பூர் சோல்: அது எண்ணெயை எடுக்காது, பரப்பும். சிந்தியதைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இரவில் சலவைச் சோடா கலந்த வெந்நீரைச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தாலும் வழுக்கும்.

ஆற்காட்டான்: ஆசிட் ஊற்றினால் மொசைக் சொரசொரப்பாகுமே?

ஆம்பூர் சோல்: மொசைக்கில் இருக்கும் சலவைக்கல் சில்லையே ஆசிட் அரித்துவிடும், அந்தக் குழிகளில் பிசுக்கு தங்கும். அடுப்படியில் மட்டும் சொரசொரப்பு டைல்ஸ் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்கு அதில் அனுபவம் இல்லை.