புரண்டு படுத்தால் உலகமே சுற்றுகிறது: உங்களுக்கும் வந்ததா?

கும்பகோணத்துக்காரி
விடியற்காலை நாலரை மணி. அலாரத்தை அணைக்க வலப்பக்கம் புரண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம்கூட ஆகியிருக்காது, பீரோவும் ஃபேனும் ரங்கராட்டினம் மாதிரி சுழல ஆரம்பித்துவிட்டன. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் நின்றது. நிமிர்ந்து படுத்தேன், திரும்பவும் ஒரு சுற்று. பாத்ரூமுக்குப் போனதும் வாந்தி.

பக்கத்து டாக்டர் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்றார். காலரும் மாத்திரையும் கொடுத்தார். மூன்று வாரம் காலரோடு பேங்க் வேலைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குறைந்தது! ராத்திரி காலரைக் கழற்றிவிட்டுப் படுத்ததும் பழையபடி வந்தது. அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், பத்து நிமிடத்தில் சரியானது. அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது என் பயம் வேறு. அடுத்த முறை வந்தால், அது இதேதானா, தலைக்குள் வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரோடு ரிட்டையர்டு
அம்மா, இது லோ பிபி. எனக்கு இரண்டு வருடமாக இருக்கிறது. காலையில் எழுந்து நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். ஸ்கேன், காது என்று காசைக் கரைக்காதீர்கள்.

பழைய பிசியோ
சார், உங்களுக்கு வருவது பிபியாகவே இருக்கலாம். அவருக்கு வந்தது அது இல்லை. படுத்திருப்பவர் புரளும்போது ரத்தம் மேலே ஏற வேண்டிய வேலையே இல்லை. பிபி இறங்குவது எழுந்து நிற்கும்போதுதான், அதிலும் கண் இருட்டும், பீரோ சுழலாது. நம் ஊரில் இரண்டுக்கும் 'மயக்கம்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான்.

அதனால் எப்படி இருந்தது என்று நான் அதிகம் கேட்பதில்லை. எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான் கேட்பேன். உள்காதில் சிப்பி ஓட்டில் இருக்கும் அதே பொருளால் ஆன துகள்கள் ஒரு பசைப்படலத்தில் ஒட்டியிருக்கும். சில உதிர்ந்து பக்கத்தில் இருக்கும் வளைகுழாய்க்குள் போய்விடும். தலை திரும்பும்போது அவை உருண்டு குழாயில் இருக்கும் திரவத்தைத் தள்ளும். மூளை "நாம் சுழல்கிறோம்" என்று நம்பிவிடும். துகள் அடியில் போய் நின்றதும் சுழற்சியும் நிற்கும். அதனால்தான் ஓரிரு நொடி தாமதித்து வருகிறது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்கிறது. புரளும்போது, அண்ணாந்து பரணில் டப்பா எடுக்கும்போது, குனிந்து கோலம் போடும்போது வரும்.

காலர் ஏன் உதவியது தெரியுமா? கழுத்தைத் திரும்ப விடவில்லை, துகளும் உருளவில்லை. அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும்.

மதுரைப் பையன்
ஒரு நிமிடம். எங்கள் அப்பாவுக்கும் "படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது" என்றுதான் ஆரம்பித்தது. காது என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அசையாமல் கிடந்தாலும் அவருக்குச் சுற்றல் நிற்கவில்லை. புரண்டால் இன்னும் மோசமானது. சாயங்காலம் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். முதல் நாள் சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் சிறுமூளையில் அடைப்பு தெரிந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அதனால் "காதுதான், பயம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பழைய பிசியோ
தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். எந்தத் தலைசுற்றலும் அசைந்தால் அதிகமாகும். அசைந்தால் *அதிகமாகிறதா*, அசைந்தால் மட்டும் *தொடங்குகிறதா* என்று பிரித்துக் கேட்க வேண்டும். துகளால் வருவது, தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் ஓய்ந்துவிடும். ஒரு மந்தம், குமட்டல் மிஞ்சலாம், அறை சுழலாது. ஓயாமல் மணிக்கணக்கில் சுற்றினால், நடக்கவே முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், புதிதாகக் கடும் தலைவலியோ கழுத்துவலியோ வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் சிடி சுத்தமாக இருப்பது பெரிய ஆறுதல் இல்லை, பின்மூளை அடைப்பு அதில் பல நேரம் தெரியாது.

ராத்திரி டிரைவர்
நான் வீடியோ பார்த்து நானே தலையைத் திருப்பும் பயிற்சி செய்தேன். நாலு நாள் செய்தும் போகவில்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் சுற்றுகிறது. லாரி ஓட்டலாமா?

பழைய பிசியோ
ஓட்டாதீர்கள், முதலில் அதுதான். இரண்டு பக்கமும் பலமாகச் சுற்றினால் துகள் படுக்கைவாட்டுக் குழாயில் இருக்கலாம், அதற்கு வேறு பயிற்சி. நேரில் ஒருவர் கண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. சுற்றும்போது கருவிழி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதுதான் காதையும் குழாயையும் காட்டிக்கொடுக்கும்.

கும்பகோணத்துக்காரி
ஆமாம், எனக்கும் கண்ணைத்தான் பார்த்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கியது. "கண்ணை மூடாதீங்க" என்றார். நான் அவர் சட்டைப் பையைப் பிடித்துக் கிழித்தே விட்டேன். "வலது காது" என்று நர்ஸிடம் சொன்னார்.

அப்படியே வைத்து, சுற்றல் நின்ற பிறகும் அரை நிமிடம் விட்டார். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் திருப்பினார், மறுபடி காத்திருந்தார். அப்புறம் உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி புரட்டினார். கடைசியில் இடப்பக்கமாகவே எழுப்பி உட்கார வைத்தார். இரண்டாவது முறை செய்தபோது சுற்றவே இல்லை. நாலு நாள் மட்டும் பஞ்சுமேல் நடப்பது போல இருந்தது. "மாத்திரை குமட்டலைத்தான் அடக்கும், துகளை நகர்த்தாது" என்றார்.

பழைய பிசியோ
அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற டாக்டர் வகுத்த முறை அது, 1992-ல் கட்டுரையாக வந்தது. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

கும்பகோணத்துக்காரி
இரண்டு நாள் உயரமான தலையணையில் படுக்கச் சொன்னார். அது அவசியமா?

பழைய பிசியோ
நான் சொல்வதில்லை. பெரிய வித்தியாசம் கண்டதில்லை. சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், செய்தால் நஷ்டமும் இல்லை. திரும்ப வரலாம் என்பதைத்தான் மறைக்க மாட்டேன், பலருக்கு வருகிறது.

ஈரோடு ரிட்டையர்டு
எனக்கு மோர்தான் கேட்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பிசியோ
சார், பிபி மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா? படுத்தபடி ஒரு முறை, நின்று ஒரு நிமிடத்தில், மூன்று நிமிடத்தில் என்று பிபி பார்த்து எழுதிவையுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன் உப்பைக் கூட்ட வேண்டாம்.

ஈரோடு ரிட்டையர்டு
புராஸ்டேட்டுக்கு ராத்திரி ஒன்று போடுகிறேன். போன வருடம் ஆரம்பித்தது... இல்லை, இரண்டு வருடம் ஆகிறது.