2 மணி 41 நிமிட வகுப்பில் அழுத்தமானி எங்கே?

உவர்மலை: தம்பி உயர்தரம் எழுதப்போகிறான். பௌதிகவியல் வகுப்பின் ஒளிப்பதிவில் ஒரு கணக்கைத் தேடி அரை மணி நேரம் பட்டையை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் நானே நேரக்குறிப்புப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதலில் தலைப்புக்கு ஒரு வரியாக ஏழு வரிகள் எழுதினேன். பயனில்லை. ‘அழுத்தமானி’ என்ற ஒரு வரிக்குள் 48 நிமிடம் அடங்கிக் கிடந்தது! மறுபடி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் பலகையை அழிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினேன். புதிய விடயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ‘உதாரணம் 3’ என்று எழுதாமல், தம்பி எதைச் சொல்லித் தேடுவானோ அதையே எழுதினேன்:

```
1:12:40 அழுத்தமானி: கம்பி, சுற்று
1:24:05 சமநிலைப் புள்ளி ஏன் கிடைக்கவில்லை
1:37:50 கலத்தின் உட்தடை காணும் கணக்கு
```

ஐந்து விநாடி முன்னதாகவே குறித்தேன். இல்லாவிட்டால் கேள்வியின் முதல் வரி தவறிவிடும்.

கிண்ணியா: இதை யூடியூப் காணொளியின் கீழே கருத்தாகப் போட்டால் பட்டையே தலைப்புத் தலைப்பாகப் பிரிந்துவிடும், அக்கா.

உவர்மலை: போட்டுப் பார்த்தேன். நேரத்தைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போகிறது, பட்டை பிரியவில்லை. அதற்குக் காணொளியின் உரிமையாளர் விவரப் பகுதியில் இட வேண்டும். முதல் வரி 0:00 ஆகவும், குறைந்தது மூன்று வரிகள் ஏறுவரிசையிலும் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

மூதூர்: எங்கள் பக்கம் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் காணொளியையே பத்துத் துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பட்டியல் எனக்கு எதற்கு?

உவர்மலை: வெட்டுவதற்கும் எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டுமே, தம்பி. முழுவதையும் இறக்கவும் தேவையில்லை. இணைப்பின் கடைசியில் `&t=4360s` என்று சேர்த்தால் நேரே 1:12:40க்குப் போய்விடும்.

தம்பலகாமம்: உங்கள் பட்டியலை நானும் எடுத்தேன். என்னிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிரதி. எல்லாம் முன்பின்னாக இருக்கிறது. உட்தடைக் கணக்கு 1:33:40இலேயே வந்துவிடுகிறது.

உவர்மலை: மாணவர்கள் வந்துசேரும் வரை காத்திருந்த முன்பகுதியை யாரோ வெட்டியிருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு வரியையும் கடைசியில் ஒரு வரியையும் சரிபாருங்கள். இரண்டிலும் அதே 4 நிமிடம் 10 விநாடி வித்தியாசம் என்றால் எல்லா வரியிலும் கழித்துவிடலாம்.

தம்பலகாமம்: தொடக்கத்தில் 4:10தான். கடைசி வரியில் 6:35 வருகிறது.

உவர்மலை: அப்படியானால் இடையிலும் வெட்டு இருக்கிறது. உட்தடைக் கணக்கு வரை வித்தியாசம் 4:10தானே, அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். அதற்கும் கடைசிக்கும் நடுவில் ஒரு வரியைப் பாருங்கள். அங்கேயும் 4:10 என்றால் வெட்டு இன்னும் பின்னால். ஒரே வெட்டாக இருந்தால் நாலைந்து தடவையில் பிடிபட்டுவிடும்.

தம்பலகாமம்: பார்த்தேன். நடுவில் 5:20 காட்டுகிறது. இரண்டு வெட்டு போலிருக்கிறது.