8 அங்குல பூட்ஸ், 12 மணி நேர டியூட்டி: முன்கணுக்காலில் விழும் சிவப்புக் கோடு

கேட்_3, உம்ஷ்லாங்கா

ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் செக்யூரிட்டி டியூட்டி, காலை 6 முதல் மாலை 6 வரை. கம்பெனி இந்த வருஷம் கொடுத்தது தண்ணி புகாத உள்ளுறை வைத்த 8 அங்குல பூட்ஸ். ஷிப்ட் மாறும்போது கூட நிற்கிற பையன் ஒருத்தன் பூட்ஸைக் கழற்றினான். கணுக்கால் மடங்குகிற இடத்துக்கு நேர் மேலே, விரல் அகலத்துக்குச் சிவப்பா ஒரு கோடு. பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறான். சாக்ஸைப் பிழிந்தால் தண்ணி சொட்டும், ஆனால் அன்றைக்கு ஒரு துளி மழை கிடையாது. அந்தக் கால் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பூட்ஸ் இன்னும் உயரமாக இருந்தால் பிடிமானம் கிடைக்குமா?

பினிக்ஸ்_ரோந்து

உயரம் போதும் தம்பி, இறுக்கம்தான் போதாது. அலாரம் அடித்தால் வண்டியிலிருந்து குதித்து, மதில் ஏறி, ஈரப்புல்லில் இறங்குகிற வேலை எங்களுடையது. லேஸ் தளர்ந்திருந்தால் கால் புரண்டுவிடும். மேல் கொக்கி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இழு. வியர்வைக்கு ஒன்றும் செய்ய முடியாது, நம்ம டர்பன் ஊர்க் காற்றே ஈரம்தான். பாலிஷை மட்டும் கனமாகப் போடு, வெளித்தண்ணியாவது உள்ளே வராது.

சாட்ஸ்வர்த்_சப்பாத்து

ரோந்து அண்ணன் சொல்கிறதில் பாதி சரி. புரளாமல் இருக்கக் குதிகால் அசையக் கூடாது, அதற்கு இறுக்கம் வேண்டும்தான். ஆனால் அந்த இறுக்கம் பாத மேட்டில் இருக்க வேண்டும், கணுக்காலுக்கு மேலே அல்ல. அந்தப் பையனின் கோடு தப்பான இடத்தில் இறுக்கியதால் வந்தது. பாதத்தைத் தூக்குகிற தசைநாண் கயிறுகள் அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. நின்றுகொண்டே இருந்தால் மதியத்துக்குள் கால் வீங்கும். காலையில் போட்ட முடிச்சு அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற கால் மட்டும் பெருக்கும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் லெதர் மடிப்பு அந்தக் கயிறுகளின் மேல் அழுந்தும்.

கட்டுகிற முறையை மாற்றச் சொல்லுங்கள். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். விரல்களுக்கு மேலே இருக்கிற ஓட்டைகளில் லேஸ் சும்மா படிந்திருந்தால் போதும், அங்கே இறுக்கினால் வீக்கத்துக்கு இடமில்லை. பாத மேடு முடிந்து கணுக்கால் தொடங்குகிற இடத்தில் நன்றாக இழுத்து, இரண்டு லேஸையும் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை சுற்றிப் பின்ன வேண்டும். அந்த முறுக்கு கீழ்ப்பகுதியைப் பூட்டிவிடும், மேலே தளர்த்தினாலும் கீழே அவிழாது. கோடு விழுகிற இடத்துக்கு நேரே உள்ள கொக்கியில் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக அடுத்த கொக்கிக்கு ஏற்றி, அங்கிருந்து குறுக்கே போடலாம். மேலே கட்டி முடித்ததும் லெதருக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மேல் பாதியை மட்டும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் மாலை வரை ஓடும்.

இப்படிக் கட்டியும் குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் சைஸ் பெரிது, அல்லது குதிகால் பகுதி செத்துவிட்டது. பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அட்டை மாதிரி உள்ளே மடங்கினால், உயரம் 8 ஆனாலும் 10 ஆனாலும் கணுக்காலுக்குத் துணை கிடையாது. பூட்ஸை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பதும் நல்லது. சோலின் வெளி ஓரம் தேய்ந்து பூட்ஸ் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், நடக்கிற ஒவ்வொரு அடியிலும் கால் புரளப் பார்க்கும். அந்த ஓரத்தை ரப்பர் வைத்து நிரப்பலாம், ஆனால் நடுச்சோல் வரைக்கும் தேய விடக் கூடாது.

வெருலம்_நர்ஸ்

பூட்ஸைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், காலைப் பற்றி நான் சொல்கிறேன். கழற்றிய கொஞ்ச நேரத்தில் கோடு மறைந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலி இருந்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்போது அந்த இடத்தில் நறநறவென்று உரசுவது கைக்குத் தெரிந்தால், அந்தக் கயிறுகளைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சில நாள் அந்த பூட்ஸே வேண்டாம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப் போனால் நரம்பு அழுந்துகிறது, உடனே தளர்த்த வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் பூட்ஸைத் திட்டிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் படுக்கப் போகும்முன் உள்ளங்காலையும், நாலாவது ஐந்தாவது விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். வெள்ளையாக ஊறியிருந்தால் அங்கேதான் பூஞ்சை முதலில் பிடிக்கும். காட்டன் சாக்ஸ் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே வைத்திருக்கும். கம்பளி கலந்தது ஒன்று போட்டு, பையில் இன்னொரு ஜோடி வைத்து, சாப்பாட்டு நேரத்தில் மாற்றினால் பாதி வம்பு தீரும்.

பினிக்ஸ்_ரோந்து

கம்பளியா? பிப்ரவரியில்? சிஸ்டர், ஒரு தடவை எங்கள் வண்டியில் வந்து உட்கார்ந்து பாருங்கள்!

கேட்_3, உம்ஷ்லாங்கா

லேஸ் புரிந்தது அண்ணே, நன்றி. உள்ளே ஈரம் ஏன்? பூட்ஸ் ஒழுகுகிறதா?

சாட்ஸ்வர்த்_சப்பாத்து

உள் அட்டையை எடுத்துப் பாருங்கள். முன்பாதம் முழுக்க ஒரே மாதிரி நனைந்திருந்தால் அது வியர்வை. ஒழுகலாக இருந்தால் விரல் மடங்குகிற இடத்திலோ நாக்குத் தையல் பக்கத்திலோ திட்டாக இருக்கும்.

தண்ணி புகாத உள்ளுறை வியர்வையைத் தண்ணியாக வெளியே விடாது, ஆவியாகத்தான் விடும். உள்ளே ஈரமும் வெளியே காய்ந்த காற்றும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை ராத்திரி அது அருமையாக வேலை செய்யும். டர்பனில் பிப்ரவரி மதியம் வெளிக்காற்றே பிசுபிசுவென்று இருக்கும்போது ஆவிக்குப் போக இடமேது? அதோடு அண்ணன் சொன்ன கன பாலிஷ், மிச்சமிருக்கிற துளையையும் அடைத்துவிடும். மெழுகு பாலிஷை மூக்கிலும் குதிகாலிலும் மட்டும் பளபளக்கப் போடலாம். நடுப்பகுதிக்கு மெல்லிய கிரீம் போதும். கூரைக்குக் கீழே நிற்கிறவருக்கு உள்ளுறையே தேவையில்லை, பக்கத்தில் துணி வைத்த சாதாரண பூட்ஸ்தான் சரி. ராத்திரி உள் அட்டையைத் தனியாக எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம், லெதர் வெடிக்கும், பசையும் விடும்.

டோங்காட்_அம்மா

என் வீட்டுக்காரரின் பழைய போலீஸ் பூட்ஸ் அலமாரியில் வருஷக்கணக்கில் பாலிஷ் போட்டபடி இருந்தது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார், மண்டபத்து வாசலிலேயே சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. எந்த பசை போட்டு ஒட்டலாம்?

சாட்ஸ்வர்த்_சப்பாத்து

பசை நிற்காது அம்மா. நடுச்சோல் பாலியூரித்தேன், நம்ம ஊர் ஈரக்காற்றே வருஷக்கணக்கில் அதைச் சிதைக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். ஒட்டுகிற பொருளே தூளானால் பசை எதைப் பிடிக்கும்? மேல் லெதர் நன்றாக இருந்தால் புது ரப்பர் சோல் தைத்துக் கொடுக்கிற ஆளிடம் காட்டுங்கள். சில பூட்ஸில் சோலை நேரே அச்சில் வார்த்திருப்பார்கள், அதில் தைக்க விளிம்பு இருக்காது. இனி எடுத்து வைக்கிற பூட்ஸை அவ்வப்போது நகத்தால் குத்திப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ பொடிந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

பினிக்ஸ்_ரோந்து

லேஸ் முறுக்கு முயற்சி பண்ணிப் பார்க்கிறேன். ஆனால் மதில் குதிக்கிறவனுக்கு மேலே ஒரு விரல் இடம் விடுவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கேட்டில் நிற்கிறவனுக்கு வேண்டுமானால் சரி.

கேட்_3, உம்ஷ்லாங்கா

அந்த உள்ளுறையைக் கத்தரித்து எடுத்துவிட்டால் என்ன?

சாட்ஸ்வர்த்_சப்பாத்து

எடுக்க வராது தம்பி, மேல் லெதரோடு சேர்த்துத் தைத்திருக்கும். கிழித்தால் தையல் விளிம்பு காலை அறுக்கும். கம்பெனியிடம் இரண்டாவது ஜோடி கேளுங்கள், உள்ளுறை இல்லாததாக. ஒன்று காய்கிற நாளில் மற்றதைப் போடலாம்.

கேட்_3, உம்ஷ்லாங்கா

கேட்டாச்சு அண்ணே. இரண்டாவது ஜோடிக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.