ஆறு வருட கார்: 2,64,000 சரியா, 3 லட்சம் சரியா?

வணக்கம் நண்பர்களே. 7 லட்சம் ஷோரூம் விலையில் வாங்கிய பெட்ரோல் கார், இப்போது ஆறு வருடம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்கிறார். அவருக்கும் நஷ்டம் வரக்கூடாது, எனக்கும் வரக்கூடாது.

புரோக்கர் வருடத்துக்கு 15% தேய்மானம் என்கிறார். ஒவ்வொரு வருடமும் மீதி இருக்கும் மதிப்பில்தான் 15% குறையும் என்பதால் கணக்கு இப்படி:

`700000 × 0.85^6 ≈ 264000`

நேராக 15% வீதம் ஆறு முறை கழித்தால் 70,000தான் மிஞ்சும். அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் இந்த 15% வருமான வரிக் கணக்கில் காருக்குப் போடும் விகிதம். சந்தையும் அப்படியே இறங்கும் என்று சொல்ல முடியாது, அதுதான் என் சந்தேகம்.

அதனால் விளம்பரங்களைப் பார்த்தேன். இதே மாடல், மூன்று வருட வண்டி 4,40,000. ஐந்து வருட வண்டி 3,40,000. இரண்டு வருடத்தில் 0.773 மடங்கு. அதன் வர்க்கமூலம் 0.88, அதாவது வருடத்துக்கு 12%தான் இறக்கம். இன்னொரு வருடம் தள்ளினால் 2,99,000 வருகிறது.

ஆனால் இவை கேட்கும் விலைகள். பேரம் முடிந்து கைமாறும்போது எவ்வளவு குறைகிறது? சமீபத்தில் ஆறேழு வருட பெட்ரோல் கார் விற்றவர்கள், வாங்கியவர்கள் ஷோரூம் விலை, கைமாறிய விலை, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் சொல்லுங்கள். என்னுடையது 62,000 ஓடியிருக்கிறது, டயர் நான்கும் மாற்ற வேண்டும். டயர் செலவை விலையில் தனியாகக் கழிப்பதுதான் முறையா?