ஷவர் பக்கத்தில் கண்ணாடிக்கு பிளக் பாயின்ட் வைக்கலாமா?

புது வீட்டில் வயரிங் காடி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாத்ரூம் 7க்கு 5 அடி. உள்சுவரில் ஷவர், கதவோரம் வாஷ்பேசின். ஹேர் டிரையருக்கு என் மனைவி கேட்ட பிளக்கை ஷவரிலிருந்து 3 அடியில் குறித்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். கீசர் பிளக் ஷவர் சுவரிலேயே, தரையிலிருந்து 7 அடி உயரத்தில். நாளை பூச்சு. சரியா?

திருச்சி வாசகர்: கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். அது இருந்தால் எங்கே வைத்தாலும் கவலையில்லை.

வயரிங்காரர், 22 வருடம்: அண்ணே, ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும், அதுவும் 30 மில்லி ஆம்பியர். ஆனால் கரண்ட் கசிந்த பிறகுதான் அது விழும். ஈரக்கையில் ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. இடம் சரியாக இருப்பதுதான் முதல் காவல்.

கேட்டவருக்கு: தொட்டி இல்லாத ஷவருக்கு ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச வயரிங் விதி சொல்லும் கணக்கு, சுவரில் ஷவர் பைப் வெளிவரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர், உயரம் 2.25 மீட்டர். அதற்குள் பிளக் கூடாது, சாதாரண சுவிட்சும் கூடாது. உங்கள் 3 அடி 90 சென்டிமீட்டர்தான், அதனால் அந்தக் குறியை அழிக்கச் சொல்லுங்கள். கதவோர பேசின் ஐந்தரை அடியில் இருந்தால் அங்கே வைக்கலாம். குழாய்க்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி, மூடி உள்ள பெட்டியாக வையுங்கள். பேசினுக்கென்று தனி எல்லை கிடையாது, தெறிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கீசர் பிளக் 7 அடி என்பது 213 சென்டிமீட்டர், எல்லைக்குள் விழுகிறது. 8 அடிக்கு ஏற்றுங்கள். ஷவர் தலை 2.25 மீட்டருக்கு மேலே இருந்தால் எல்லையும் அதுவரை போகும். கீசருக்கு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டிபி சுவிட்ச், இண்டிகேட்டரோடு, கதவுக்கு வெளியே.

கோவை அக்கா: எங்கள் வீட்டில் குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பின் துளையில் பச்சை பூத்திருக்கிறது. இதுவும் இடப் பிரச்சினையா?

வயரிங்காரர், 22 வருடம்: அக்கா, உங்களுடையது வேறு. பச்சை என்றால் ஈரம் உள்ளே போகிறது. சுரீர் பெரும்பாலும் கீசர் காயில் ஓட்டையாகி, எர்த்தும் இல்லாததால் வரும். மெயினை அணையுங்கள், கீசரைத் தொடாதீர்கள், ஆளைக் கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணே. ஷவருக்கும் பேசினுக்கும் நடுவே ஆறரை அடி கண்ணாடித் தடுப்பு போட்டால், 3 அடி பாயின்ட்டை அங்கேயே வைக்கலாமா?

வயரிங்காரர், 22 வருடம்: நிரந்தரத் தடுப்பு என்றால் கயிறு எடுங்கள். பைப் வெளிவரும் இடத்திலிருந்து கண்ணாடி ஓரத்தைச் சுற்றி பிளக் வரை இழுத்து 1.2 மீட்டர் தாண்டுகிறதா பாருங்கள். ஓரம் வழியாகவும் மேல் வழியாகவும் அளக்க வேண்டும். கதவுபோலத் திறக்கும் கண்ணாடியை நான் தடுப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

திருச்சி வாசகர்: எங்கள் மெயினில் ஆர்சிசிபியில் 100 என்று போட்டிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், அது பாத்ரூமுக்குப் போதாதா?