மறுமொழி: 600 கட்ட வேண்டிய இடத்தில் 340

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

தான் பங்குதாரராகச் சேர நினைக்கும் வணிக நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைத் தம்பி குழுவில் பகிர்ந்து, "இவர்களால் கடனைக் கட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தார். எல்லாத் தொகைகளும் ஆயிரங்களில் உள்ளன. கட்டடமும் இயந்திரங்களும் 1,400, சரக்கிருப்பு 520, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 260, முன்கூட்டிக் கட்டிய காப்பீடு 40, ரொக்கமும் வங்கியிருப்பும் 80 என மொத்தச் சொத்து 2,300. மறுபக்கத்தில் சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டியது 380, வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்த ஓவர்டிராஃப்ட் 150, நீண்டகாலக் கடனில் இந்த ஆண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை 70, மீதிக் கடன் 800, உரிமையாளர் மூலதனம் 900.

முதலில் சித்தப்பா எழுதியதற்கு வருகிறேன். மூலதனம் 900 இருப்பதால், நெருக்கடி வந்தால் அதிலிருந்து எடுத்துக் கட்டிவிடலாம் என்று அவர் கருதுகிறார். அந்த 900 எந்தப் பெட்டியிலும் இல்லை. சொத்து 2,300-லிருந்து பிறருக்குத் தர வேண்டிய 1,400-ஐக் கழித்தபின் உரிமையாளருக்கு மிஞ்சும் உரிமையே அது. அதன் பெரும்பகுதி சுவராகவும் இயந்திரமாகவும் நிற்கிறது. கையில் இருக்கும் பணம் 80 மட்டுமே.

அண்ணன் சொன்னது பாதி சரி. 12 மாதங்களுக்குள் பணமாகவோ பயன்பட்டுத் தீரவோ கூடிய நடப்புச் சொத்துகள் 900. அதே காலத்துக்குள் கட்ட வேண்டிய நடப்புப் பொறுப்புகள் 600. ஆகவே நடப்பு விகிதம் 1.5 என்ற அவருடைய கணக்கில் பிழையில்லை. 2 இருந்தால் நல்லது, 1-க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம் என்று அங்கேயே அவர் நிறுத்திக்கொண்டதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த 900-இல் 520 சரக்கு. காப்பீட்டுக்குக் கட்டிய 40 யாருக்கும் கடனடைக்கப் பயன்படாது. இரண்டையும் நீக்கினால் 340 மிஞ்சுகிறது. அதை 600-ஆல் வகுத்தால் விரைவு விகிதம் ஏறத்தாழ 0.57.

இந்த 340-ஐயும் அப்படியே நம்பக் கூடாது. பாக்கிகள் எத்தனை நாள் பழையவை என்று காட்டும், தம்பி இணைத்திருந்த வயதுவாரிப் பட்டியலைப் பாருங்கள்: வரவேண்டிய 260-இல் 90 என்பது 180 நாட்களைக் கடந்த பாக்கி. ஆறு மாதமாக வராத பணம் அடுத்த மாதம் வந்துவிடும் என்று கணக்கில் வைப்பதற்கில்லை. அதை விட்டால் 250, விகிதம் 0.42.

சரக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் பார்த்தேன். விற்ற சரக்கின் ஆண்டு அடக்கவிலை 1,560 என்று இலாப நட்டக் கணக்கில் உள்ளது. அப்படியானால் 520 என்பது ஏறத்தாழ நான்கு மாத விற்பனைக்குரிய சரக்கு. சரக்கு தந்தவர்களோ 45 நாட்களில் பணம் கேட்கிறார்கள் என்று தம்பியே எழுதியிருக்கிறார். 45 நாட்களில் 380 கட்ட வேண்டும். கையிருப்பையும் நல்ல பாக்கிகள் முழுவதையும் சேர்த்தாலும் 250. மீதி 130-ஐ அந்த நாட்களின் ரொக்க விற்பனையிலிருந்து எடுக்கவேண்டும், அதிலேயே சம்பளத்தையும் புதுக் கொள்முதலையும் பார்க்கவேண்டும். ஓவர்டிராஃப்டை வங்கி கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும் என்பதால் அதைச் சாகுபடியில்லாத காலத்துக் களஞ்சியமாக எண்ணிவிடக் கூடாது.

அக்கா தம்முடைய பயிற்சி நிலையத்தின் விகிதம் 0.8 என்றும், ஒருநாளும் தவணை தவறியதில்லை என்றும் எழுதியிருந்தார். அதில் முரண்பாடு இல்லை. அவருடைய நடப்புப் பொறுப்பில் பெரும்பகுதி மாணவர்கள் முன்பணமாகக் கட்டிய கட்டணம். அதை அவர் பாடம் நடத்தித் தீர்க்கிறார், பணம் கொடுத்து அல்ல. பொறுப்பின் தொகையைப் பார்க்கும்போது அது எதனால் தீரும் என்பதையும் பார்க்கவேண்டும். தம்பி கேட்கும் நிறுவனத்தில் 600 முழுவதும் பணமாகவே போக வேண்டியது.

எனக்கு இரண்டு இடங்களில் தெளிவில்லை. இந்தக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலையைக் காட்டுகிறது. விற்பனைப் பருவத்துக்குச் சற்று முன்பு எடுத்ததாக இருந்தால் சரக்கு குவிந்திருப்பது இயல்பே, பருவம் முடிந்தபின் எடுத்ததாக இருந்தால் அது விற்காமல் தேங்கிய சரக்கு. விற்பனையில் ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதும் இதில் இல்லை. ஆகவே, தம்பி, முந்தைய இரண்டு ஆண்டுகளின் குறிப்புகளையும் கடைசி ஆறு மாத வங்கி அறிக்கையையும் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஓவர்டிராஃப்ட் மாதக் கடைசியில் தொடர்ந்து வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குமுன் கையெழுத்திட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கர்