திடீரென்று செத்த மாட்டை அறுத்துப் பார்ப்பதா, அப்படியே புதைப்பதா?

ஒடுகத்தூரான்:
நேற்று சாயங்காலம் ஏரிப்பக்கம் மேய்ந்துவிட்டு நன்றாக வந்த ஜெர்சி பசு, காலையில் கொட்டகையில் செத்துக் கிடக்கிறது. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக ரத்தம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் போஸ்ட்மார்ட்டம் சர்டிஃபிகேட் கட்டாயம் வேண்டும் என்கிறார். அறுத்துப் பார்க்கலாமா? ஜேசிபிக்குச் சொல்லிவிட்டேன், ஏரிக்கரையில் புதைக்கலாம் என்று இருக்கிறோம்.

கால்நடை_ஓய்வு:
தம்பி, கத்தியைக் கீழே வையுங்கள். இப்போதே 1962க்குப் போன் செய்து, "திடீர்ச் சாவு, துவாரங்களில் ரத்தம்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் சந்தேகம் என்றால் டாக்டர் கையோடு ஸ்லைடு எடுத்து வருவார். அதுவரைக்கும் மாட்டின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். நாயும் காக்கையும் அண்டக்கூடாது, குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கால்களை மடக்கிப் பார்த்தீர்களா? செத்து இவ்வளவு நேரம் ஆகியும் விறைக்காமல் தளர்வாக இருக்கிறது, வந்த ரத்தம் தார் மாதிரி உறையாமல் இருக்கிறது என்றால் என் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் இதற்காகத் தொட்டுப் பார்க்க வேண்டாம், முன்பே தொட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள். கையை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பொன்னை_குமார்:
எல்லாவற்றுக்கும் அடைப்பான் என்று பயமுறுத்துகிறார்கள் சார். எங்கள் பக்கம் கண்ணாடி விரியன் கடித்த மாடும் இப்படித்தான் மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தது. இடி விழுந்தாலும் ராத்திரியோடு சாகும், இளஞ்சோளம் தின்றாலும் சாகும். அறுக்காமல் எப்படித் தெரியும்? அதுவும் இல்லாமல் மழைக்கு முன்னால் முகாமில் அடைப்பான் ஊசி எல்லாருக்கும் போட்டார்களே! போஸ்ட்மார்ட்டம் இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் பத்து பைசா தரமாட்டான். பணத்தை யார் தருவது, நீங்களா?

கால்நடை_ஓய்வு:
குமார் சொல்வதில் பாதி சரி. விரியன் கடியிலும் ரத்தம் வரும், வெளியே இருந்து பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அடைப்பானில் செத்த எல்லா மாட்டுக்கும் ரத்தம் வரும் என்றும் கிடையாது. அதனால்தான் அறுக்காமலே தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன். காது நரம்பில் ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, பாலிக்ரோம் மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முனை சதுரமாக வெட்டினாற்போல நீலக் குச்சிகள், சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அதுதான். ஊசி குத்திய இடத்தில் மருந்தில் நனைத்த பஞ்சை அழுத்தி வைப்பார்கள். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் தாமதிக்கக்கூடாது. நம்மூர் வெயிலில் ஒரு நாள் போனால் அழுகல் கிருமிகள் மண்டிவிடும், அப்புறம் ஸ்லைடில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது.

முகாமில் போட்டது பெரும்பாலும் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் உள்ள ஊசி. இது வேறு நோய், இதன் ஊசியும் வேறு. நம் ராணிப்பேட்டை நிலையத்திலேயே அதைத் தயாரிக்கிறார்கள், நோய் வந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை போடுவார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மொட்டைமாடி:
எனக்கு ஒரு சந்தேகம். செத்த மாட்டுக்குள்ளே கிருமி எப்படியும் இருக்கிறது. அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன?

கால்நடை_ஓய்வு:
இதில்தான் எல்லாமே இருக்கிறது. உடம்புக்குள் இருக்கும் வரை அந்தக் கிருமிக்குக் கவசம் கிடையாது. காற்று புகாத பிணத்துக்குள் குடலிலிருந்து வரும் அழுகல் கிருமிகள் அதைத் தீர்த்துவிடும், கோடையில் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். காற்றுப்பட்டால்தான் அது வித்தாக மாறும். அந்த வித்து வெயிலுக்கும் சாகாது, மழைக்கும் சாகாது, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்து பக்கம் குருய்னார்ட் என்ற தீவில் 1942இல் ஆடுகளை வைத்து இதைச் சோதித்தார்கள், 1990இல்தான் அந்தத் தீவைப் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள், அதுவும் மண் முழுக்க ஃபார்மால்டிஹைடு ஊற்றிய பிறகு. உங்கள் கொட்டகைக்கு யார் அப்படி ஊற்றப்போகிறார்கள்? வயிற்றைத் திறந்தால் லிட்டர் கணக்கில் ரத்தம் தரையில் ஓடும், ஒவ்வொரு சொட்டும் வித்தாகும்.

மொட்டைமாடி:
அப்படியானால் மூடிய உடம்பில் தானாகவே செத்துவிடும், ஆழமாகப் புதைப்பது எதற்கு?

கால்நடை_ஓய்வு:
ஏற்கெனவே மூக்கிலும் பின்னாலும் ஒழுகிய ரத்தம் இருக்கிறதே, அது காற்றுப்பட்டுவிட்டது. நாய் ஒரு கடி கடித்தாலும் கதை அதேதான். அதனால் துவாரங்களை மருந்தில் நனைத்த துணியால் அடைப்பது முதல் வேலை, கிடந்த இடத்து மண் அடுத்த வேலை.

பேரணாம்பட்டு_பாய்:
நான் தோல் வியாபாரம். இந்த மாதிரி மாட்டை உரித்து உப்பு போட்டு விற்றவர்களை எனக்குத் தெரியும், பொய் சொல்லவில்லை. என் மச்சான் ஒரு தடவை செத்த எருமையை உரித்தார். மூன்று நாள் கழித்து முன்கையில் கொசு கடித்தாற்போல ஒரு தடிப்பு, அரிப்பு. அப்புறம் கொப்புளமாகி, நடுவில் அடுப்புக்கரி மாதிரி கறுத்துவிட்டது. சுற்றிலும் நல்ல வீக்கம், ஆனால் வலியே இல்லை. வலி இல்லாததால் சிலந்திக் கடி என்று மஞ்சள் தடவிக்கொண்டு இருந்தார். வேலூரில் ஒரு டாக்டர் பார்த்தவுடனே "மாடு எதையாவது உரித்தாயா?" என்று கேட்டாராம். ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிட்டது, தழும்பு இன்றும் இருக்கிறது. மாட்டைத் தொட்டவர்கள் ஒரு வாரம் கையைக் கவனியுங்கள், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சுமதி_ஆடு:
என் வெள்ளாட்டுக்கும் வயிறு உப்பியிருக்கிறது, காலையிலிருந்து அசைபோடவில்லை. சமையல் எண்ணெய் எவ்வளவு ஊற்றலாம்?

கால்நடை_ஓய்வு:
அம்மா, உயிரோடு இருக்கிற ஆட்டுக்கு வயிறு உப்பினால் அது வேறு கதை. எண்ணெய் புரையேறினாலே ஆபத்து, இப்போதே பக்கத்து மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

ஜேசிபி_மணி:
குழி தோண்டுவது நான்தான் என்பதால் சொல்கிறேன். புதைக்கும்போது வயிற்றில் ஒரு கத்திக்குத்து விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் காற்றில் உப்பி மண்ணைத் தூக்கிவிடும். எத்தனையோ மாடு அப்படிப் புதைத்திருக்கிறேன்.

கால்நடை_ஓய்வு:
மற்ற சாவுக்கு அப்படிச் செய்திருக்கலாம், இதற்கு வேண்டாம் மணி. மேலே மண்ணைக் கூட்டிப் போட்டால் போதும், இறங்கினால் பிறகு வந்து நிரப்பிக்கொள்ளலாம். மாட்டுக்கு மேலேயே ஆறடி மண் நிற்க வேண்டும். உப்பிய மாடு படுத்த நிலையில் மூன்றடி உயரம் வரும், ஆக ஒன்பதடிக்குத் தோண்டுங்கள். ஏரிக்கரை கூடவே கூடாது. ஐப்பசி மழையில் அங்கே ஐந்தடியில் தண்ணீர் ஊறும், அப்புறம் அந்த வித்து தண்ணீரோடு பள்ளத்துக்குப் போய்ப் புல்லடியில் தங்கும். கிணறு, போர், ஓடை பக்கத்தில் இல்லாத மேட்டு நிலம் பாருங்கள், முடிந்தால் செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. கயிறு கட்டி இழுக்காதீர்கள், இழுத்த வழியெல்லாம் ரத்தக்கோடு விழும். அடியில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை நுழைத்து, பக்கெட்டில் தூக்குங்கள்.

படுத்திருந்த இடத்தில் அரை அடிக்கு மேல்மண்ணைச் சுரண்டி, மிச்சத் தீவனம், வைக்கோல், கயிறு எல்லாவற்றையும் சேர்த்து அதே குழியில் போடுங்கள். பிறகு டாக்டர் தரும் ஃபார்மலின் கரைசலைத் தரையிலும் பக்கெட்டிலும் ஊற்றுங்கள், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஃபினாயில் ஊற்றி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வாசனைக்குத்தான், வித்தை ஒன்றும் செய்யாது. கடைசியில் மேலே முள் போட்டு வேலி கட்டுங்கள்.

பொன்னை_குமார்:
ஒன்பதடியா? எங்கள் நிலத்தில் நாலடியில் பாறை. அப்புறம் சுண்ணாம்பை மறந்துவிட்டீர்களே! இரண்டு மூட்டை சுட்ட சுண்ணாம்பு போட்டால் எல்லாம் பொசுங்கிவிடும், என் அப்பா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

கால்நடை_ஓய்வு:
பாறை இருந்தால் எரிப்பதுதான், அதற்கு டன் கணக்கில் விறகும் கீழே காற்றோட்டக் குழியும் வேண்டும். பாதி வெந்த மாடு புதைக்காத மாட்டைவிட மோசம். சுண்ணாம்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் 2008 வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது, கால்சியம் வித்து நீடிக்க உதவக்கூடும் என்பது காரணம். நானும் போடச் சொல்வதில்லை.

திருவலம்_இன்ஸ்பெக்டர்:
ஐயா, மன்னிக்கணும். களத்தில் நாங்கள் இன்னும் சுண்ணாம்பு போட்டுத்தான் புதைக்கிறோம், எங்களுக்குக் கொடுத்த அறிவுரையே அதுதான். நாய் தோண்டாது, நாற்றம் குறைகிறது. ஃபார்மலின் ஸ்டாக் இல்லாத நாளில் வேறு என்ன செய்வது?

கால்நடை_ஓய்வு:
நாய்க்கு ஆழமும் முள்ளும் போதும். நீங்கள் சொல்லும் சிரமம் புரிகிறது, ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை.

ஒடுகத்தூரான்:
எல்லாருக்கும் நன்றி. டாக்டர் அம்மா வந்து காதிலிருந்து ஸ்லைடு எடுத்தார், மருந்தகத்தில் பார்த்துவிட்டு அடைப்பான் மாதிரிதான் தெரிகிறது, லேபுக்கும் அனுப்புகிறேன் என்றார். ஏரிக்கரையை விட்டுவிட்டு எங்கள் மேட்டுக் கொல்லையில் புதைத்தோம், மணி அண்ணன் கத்தி எடுக்கவில்லை. இன்சூரன்ஸ்தான் இழுக்கிறது. மாட்டின் காதில் மாட்டிய இன்சூரன்ஸ் நம்பர் தோடு, வெட்டிய காதோடு வேண்டும் என்கிறான் ஏஜென்ட். டாக்டர் காதை வெட்ட மறுத்துவிட்டு, பின்பக்க முள்ளை மட்டும் கத்தரித்துத் தோட்டை எடுத்து மருந்தில் போட்டு, நம்பர் தெரிய போட்டோவும் சர்டிஃபிகேட்டும் கொடுத்தார். கம்பெனி ஏற்குமா?

பொன்னை_குமார்:
ஏற்க மாட்டான் என்றுதான் நான் சொல்வேன். ஏற்றால் இங்கே வந்து சொல்லுங்கள்.

திருவலம்_இன்ஸ்பெக்டர்:
தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அடைப்பான் 2009 சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். அறுக்காமல் விட்டதற்குக் காரணத்தை டாக்டரே எழுதிக் கொடுத்தால், அதை வைத்து மேலதிகாரியிடம் பேசிப் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி நடக்காது.

ஒடுகத்தூரான்:
சரி சார். மற்ற மூன்று மாட்டுக்கு என்ன செய்ய? பால் ஊற்றலாமா?

கால்நடை_ஓய்வு:
டாக்டர் சொல்லும்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், வெளியே மேய்க்கவும் வேண்டாம். காலை மாலை வெப்பமானி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் தெரிந்தால் உடனே பென்சிலின் போட வேண்டும், அந்த மாட்டுக்கு ஊசித் தடுப்பு பிறகுதான். அது உயிருள்ள தடுப்பூசி, ஆன்டிபயாடிக் கூடவே போனால் இரண்டும் வீண். காய்ச்சல் இல்லாதவற்றுக்கு டாக்டர் தடுப்பூசி போடுவார், பலன் தெரிய பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் இன்னொன்று விழுந்தாலும் அதையும் அறுக்க வேண்டாம்.